ஜெர்க், எஸ்-கர்வ்: சர்வோ பாடக்குறிப்புக்குச் சொல் வேண்டும்

விரிவுரையாளர், பீளமேடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் தமிழில் தேர்வு எழுதும் மாணவர்களுக்காகச் சர்வோ அச்சின் இயக்கம் பற்றிய குறிப்பு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். திங்கட்கிழமை காலை அது அச்சுக்குப் போக வேண்டும். திசைவேகம், முடுக்கம், திருப்பு விசை ஆகியவற்றைப் பள்ளிப் பாடநூலிலிருந்தே எடுத்துக்கொண்டேன். வேகக்கோடு சரிவகமாக அமைவதால் 'சரிவக வரைவு' என்பதிலும் சிக்கல் இல்லை. முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைக் குறிக்கும் ஜெர்க்குக்கு என்ன எழுதுவது? மூலைகள் வளைந்த எஸ்-கர்வை 'மென்தொடக்க வரைவு' என்று சொல்லலாமா?

குறிப்பிலுள்ள கணக்கு இது. ஒரு சுற்றுக்கு 10 மிமீ நகர்த்தும் பால் ஸ்க்ரூ, மேசையை 200 மிமீ தள்ள வேண்டும். உச்ச வேகம் நொடிக்கு 500 மிமீ, முடுக்கம் 5000 மிமீ/நொடி². சரிவக வரைவில் வேகம் ஏற 0.1 நொடி, சீராக ஓட 0.3 நொடி, இறங்க 0.1 நொடி, ஆக மொத்தம் 0.5 நொடி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈரோடு

அம்மா, முடுக்கு என்னும் பிறவினைக்குத் தன்வினை முடுகு. தொல்காப்பியர் எண்ணும் இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணமும் ஒன்று. அடியின் எல்லையைக் கடந்து ஓடும் நடை அது. எனவே ஜெர்க்கை 'முடுகல்' என்றால் முடுக்கத்தோடு உறவும் தெரியும், சொல்லும் சுருக்கமாக இருக்கும். நம் பக்கத்தில் மரையாணியை இறுக்குவதையும் முடுக்குதல் என்றுதான் சொல்கிறோம். குறுகிய சந்துக்கும் முடுக்கு என்றே பெயர். நெருக்குதல் என்னும் ஒரே வேர்ப்பொருள் இவை அனைத்திலும் ஓடுவதாகக் கருதுகிறேன். விரும்பினால் விரிவாக எழுதுகிறேன்.

'எஸ்' என்னும் எழுத்தே தமிழில் இல்லாதபோது எஸ் வளைவு என்று எழுதுவதை ஏற்க இயலாது. 'நெளிவரை' என்க.

யாழ்ப்பாணத்தில் படித்தவர், தற்போது கோவை

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். நாங்கள் முடுக்கத்தையே 'ஆர்முடுகல்' என்றும், வேகம் குறைவதை 'அமர்முடுகல்' என்றும் படித்தோம். முடுகல் என்பதை ஜெர்க்குக்குக் கொடுத்துவிட்டால் இரு நாட்டு மாணவர்களும் ஒருவர் நூலை ஒருவர் தவறாகப் படிப்பார்கள்.

பேருந்துக் கூடு கட்டுபவர், கரூர்

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று விளங்கவில்லை. ஓட்டுநர் கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி 'வெட்டி இழுக்கிறது' என்று எல்லாரும் சொல்கிறோம். 'வெட்டு' என்று வைத்துவிடுங்கள். கிளட்ச் தட்டு தேய்ந்தாலும் இதே வெட்டுதான் வரும். மாணவர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

பொதியிடும் எந்திரம் செய்பவர், திருப்பூர்

கடைசல் பட்டறை மாணவருக்கு 'வெட்டு வேகம்' என்றாலே வேறு பொருள் ஆயிற்றே!

'மென்தொடக்க வரைவு' என்பதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். எஸ்-கர்வ் வைத்தால் திருப்பு விசை குறையும் என்பது என் சொந்த அனுபவம். எங்கள் எந்திரம் ஒன்றில் கப்ளிங் அடிக்கடி கிழிந்துகொண்டிருந்தது. வரைவை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை நின்றுவிட்டது. பம்ப்செட்டுக்குச் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினால் தொடக்க இழுவை குறைவதும் இதே காரணத்தால்தான்.

சர்வோ பழுது பார்ப்பவர், கணபதி

மென்தொடக்கம் என்னும் சொல்லை நான் எதிர்ப்பதற்கு மேலே கண்ட கடிதமே காரணம். சாஃப்ட் ஸ்டார்ட்டர் மின்னழுத்தத்தைக் குறைத்து மோட்டாரின் திருப்பு விசையையே குறைக்கிறது. எஸ்-கர்வ் அப்படிச் செய்வதில்லை. முடுக்கம் பூச்சியத்திலிருந்து உச்சத்துக்கு ஒரே தாவலில் ஏறாமல் படிப்படியாக ஏறும்படி பார்த்துக்கொள்கிறது. அதே 0.1 நொடிக்குள் அதே 500 மிமீ வேகத்தை எட்ட வேண்டுமானால், தொடக்கத்திலும் முடிவிலும் விட்டுக்கொடுத்த முடுக்கத்தை நடுவில் ஈடுகட்டியாக வேண்டும். ஏற்றம் முழுவதும் வளைவாகவே இருந்தால் உச்ச முடுக்கம் சரியாக இரு மடங்காகி 10,000 மிமீ/நொடி² ஆகிவிடும்.

அம்மாவின் கணக்கில் மோட்டார், ஸ்க்ரூ, மேசை எல்லாம் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறனை 0.001 கிகி.மீ² என்றும், உராய்வுக்கு 0.3 நியூட்டன் மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். சரிவக வரைவுக்கு உச்சத் திருப்பு விசை ஏறத்தாழ 3.4 நியூட்டன் மீட்டர். அதே நேரத்தில் முடிக்கும் முழு எஸ்-கர்வுக்கு 6.6. சாதாரணமாகக் கிடைக்கும் 750 வாட் சர்வோ மோட்டார் தொடர்ந்து தருவது 2.4, கணநேரம் தருவது 7.1 அளவில் இருக்கும். மேசைமேல் கொஞ்சம் எடை கூடினால் டிரைவ் அதிகச்சுமை அலாரம் காட்டி நின்றுவிடும். மென்தொடக்கம் என்று படித்த பையன் அந்த அலாரத்தைப் பார்த்துவிட்டு வளைவை இன்னும் கூட்டுவான்.

ஆகவே உச்ச முடுக்கத்தை 5000-லேயே நிறுத்தி, அது ஏறி முடிக்க 20 மில்லிநொடி கொடுக்க வேண்டும். ஜெர்க் 2,50,000 மிமீ/நொடி³ ஆகும். வேகம் ஏறும் நேரம் 0.12 நொடி, மொத்த நகர்வு 0.52 நொடி. திருப்பு விசை அதே 3.4-ஐத் தாண்டாது. கணக்கு இவ்வளவுதான்:

```
T = L/v + v/a + a/j
  = 0.4 + 0.1 + 0.02
```

20 மில்லிநொடியை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. எந்திரத்தின் தூண் நொடிக்கு 50 முறை அதிர்வது என்றால் ஓர் அதிர்வுக்கு 20 மில்லிநொடி. முடுக்கம் ஏறும் நேரம் சரியாக ஓர் அதிர்வளவு இருந்தால், ஏற்றத்தின் தொடக்கத்தில் எழும் அலையை அதன் முடிவில் எழும் அலை ஏறக்குறைய அழித்துவிடும். டிரைவின் ஸ்கோப்பில் நிலைப் பிழைக் கோட்டைப் பாருங்கள்: சரிவக வரைவில் கட்டளை முடிந்த பிறகும் கோடு நெளிந்துகொண்டே இருக்கும், அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரமே நீங்கள் கொடுக்க வேண்டிய நேரம். மேசை 0.5 நொடியில் வந்து, அடங்குவதற்கு மேலும் 0.08 நொடி எடுத்துக்கொண்டால், 0.52-இல் வந்து உடனே அடங்குவதுதான் வேகமான இயக்கம்.

திருப்பூர் நண்பரின் கப்ளிங் பிழைத்ததும் உண்மைதான். முடுக்கம் ஒரே தாவலில் வரும்போது, நெகிழ்வுள்ள கப்ளிங்கின் முறுக்கு தன் நிலையான அளவைத் தாண்டி ஏறத்தாழ இரு மடங்கு வரை போய்த் திரும்பும். எஸ்-கர்வ் அந்த மீறலைத்தான் எடுத்துவிட்டது. மோட்டாரின் உச்சமும் குறைந்திருந்தால், வளைத்தபோது ஏற்ற நேரத்தையும் கூட்டியிருப்பார்கள்.

பொதியிடும் எந்திரம் செய்பவர், திருப்பூர்

நேரத்தைக் கூட்டியதாக எனக்கு நினைவில்லை. நிமிடத்துக்கு வரும் பொதிகளின் எண்ணிக்கையும் குறையவில்லை. பழைய பாராமீட்டர் பிரதியைத் தேடிப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈரோடு

விளக்கம் நன்று. ஆயினும் கணபதி நண்பர் ஒரு பத்திக்குள் எத்தனை முறை ஜெர்க், டிரைவ், ஸ்கோப் என்கிறார்! அப்படியானால் 'உலுக்கம்' எப்படி?

விரிவுரையாளர், பீளமேடு

ஐயா, உலுக்கம் என்பது விளைவின் பெயராகிவிடுகிறது. 20 மில்லிநொடி எடுத்துக்காட்டில் ஜெர்க்கின் மதிப்பு இரண்டரை இலட்சம், உலுக்கமோ ஏறக்குறைய இல்லை. தேர்வில் 'உலுக்கம் எவ்வளவு?' என்று கேட்டால் மாணவர் பூச்சியம் என்று எழுத வாய்ப்புண்டு; அது தவறு என்று நான் எப்படி மதிப்பெண் குறைப்பது?

நேரம் நெருங்கிவிட்டதால் 'முடுக்க மாறுவீதம்' என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பட்டறை வழக்கில் ஜெர்க்' என்று சேர்க்கிறேன். `MC_MoveAbsolute` கட்டளையில் மாணவர் நிரப்ப வேண்டிய உள்ளீட்டின் பெயரே `Jerk` என்பதால் அந்தச் சொல்லை அவர்களிடமிருந்து மறைப்பதில் பயனில்லை. மற்றது 'எஸ் வடிவ வரைவு'. மென்தொடக்கத்தை நீக்கிவிட்டேன். கரூர் நண்பரின் கிளட்ச் செய்தியைச் சேர்க்க இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்தவர், தற்போது கோவை

மாறுவீதம் நீளமாக இருந்தாலும் யாரையும் குழப்பாது. சம்மதம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈரோடு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'எஸ் வடிவ' என்பதை 'நெளி' என்று மாற்ற நான்கு எழுத்துகள்கூட வேண்டியதில்லை.

சர்வோ பழுது பார்ப்பவர், கணபதி

அச்சுக்குப் போகுமுன் ஒரு வரி சேருங்கள், அம்மா. மேசையில் ஏற்றும் பொருளின் எடை மாறினால் அதிர்வெண்ணும் மாறும். வெறும் மேசையில் பார்த்து வைத்த 20 மில்லிநொடி முழு எடையில் பொருந்தாமல் போகலாம். நான் முழு எடையை ஏற்றித்தான் அளப்பேன். இரண்டுக்கும் நடுவில் வைப்பதே சரி என்பவர்களும் இருக்கிறார்கள்.