பொருள்: முப்பரிமாண விளையாட்டில் "பிக்சல் ஸ்னாப்பிங்": தமிழில் என்ன சொல்லலாம்?

மதி:

குழுவினருக்கு வணக்கம். விளையாட்டு நிரலாக்கம் பற்றிய ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பரிமாணக் காட்சியைச் சின்னப் படமாக, அதாவது 320×180 அளவில் வரைந்து, பிறகு ஆறு மடங்கு பெரிதாக்கி 1920×1080 திரையில் காட்டினால், கையால் புள்ளி வைத்து வரைந்த பழைய பிக்சல் ஓவியம் போல இருக்கும். கேமரா நகர ஆரம்பித்தால் மட்டும் அழகு கெட்டுவிடும், விளிம்பெல்லாம் மினுமினுக்கும். அதைத் தடுக்கச் செய்வதுதான் பிக்சல் ஸ்னாப்பிங். "புள்ளி ஒட்டல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிவருமா?

கதிர்:

ஒட்டல் நன்றாகத்தான் இருக்கிறது. இதை முதல் பிளேஸ்டேஷனிலேயே பார்த்திருக்கிறோமே! அதில் முக்கோணத்தின் முனைகள் முழு எண் பிக்சலில்தான் போய் உட்காரும். முனை ஷேடரில் ஒரு `round` போட்டால் போதும், ஒரே வரி வேலை. "முனை ஒட்டல்" என்று வைத்தால் இன்னும் துல்லியம்.

பொறியன்:

கதிர் சொல்வதில் பாதி சரி. பிளேஸ்டேஷனில் முனைகள் முழு எண்ணுக்குப் போனது உண்மை. ஆனால் அதனால் வந்தது ஆட்டம். ஒரு சுவரின் நான்கு முனைகளும் வெவ்வேறு நேரத்தில் பக்கத்துப் பிக்சலுக்குத் தாவும், அதனால் சுவரே நெளியும். அந்த நெளிவை விரும்பி இன்று வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. மதி கேட்பது அதற்கு நேர் எதிரானது, எதுவும் நெளியக் கூடாது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் புழங்குவதால்தான் இந்தக் குழப்பம். தமிழிலும் அதே குழப்பத்தைக் கொண்டுவர வேண்டாம்.

விளிம்பு ஏன் மினுக்குகிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். சாய்வான ஒரு கூரை விளிம்பை 320×180 படத்தில் வரைந்தால் அது படிக்கட்டாகத் தெரியும். படி எங்கே விழுகிறது என்பது, ஒவ்வொரு பிக்சலின் நடுப்புள்ளியும் கூரைக்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்பதைப் பொறுத்தது. கேமரா அரைப் பிக்சல் நகர்ந்தால் எல்லா நடுப்புள்ளிகளும் உலகில் வேறிடத்தில் விழும். கூரை அசையாமல் நிற்க, படிகள் மட்டும் விளிம்போடு ஊர்ந்து போகும். கேமரா சரியாக ஒரு முழுப் பிக்சல் நகர்ந்தால், முன்பு ஒரு பிக்சல் பார்த்த அதே இடத்தை இப்போது பக்கத்துப் பிக்சல் பார்க்கும். படிகள் மாறாது, படம் ஒரு கட்டம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஆக, செய்ய வேண்டியது கேமராவை உலகின் மேல் விரித்த ஒரு கட்டத்தில் அமர்த்துவது. எதையும் எதோடும் ஒட்டவில்லை.

நாற்சந்தி:

எனக்கும் இதே தொல்லை. என் இருபரிமாண விளையாட்டில் எழுத்துகள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரிகின்றன. படத்தின் வடிகட்டலை "நியரெஸ்ட்" என்றும் மாற்றிப் பார்த்துவிட்டேன். கேமராவை அமர்த்தினால் சரியாகுமா? என் மடிக்கணினித் திரை 1366×768.

பொறியன்:

நாற்சந்தி, உங்கள் தொல்லை வேறு. 1366ஐ 320ஆல் வகுத்தால் 4.27 வருகிறது. அதனால் சில பிக்சல்கள் நான்கு திரைப்புள்ளி அகலத்திலும் சில ஐந்திலும் விழும், எழுத்து தடிப்பது அதனால்தான். நான்கு மடங்கோடு நிறுத்தி 1280×720 ஆக்குங்கள். பக்கத்துக்கு 43, மேலும் கீழும் 24 திரைப்புள்ளிகள் கறுப்பாக இருக்கட்டும். இதற்கும் கேமராவுக்கும் தொடர்பில்லை.

மதி:

பொறியன் அவர்களுக்கு நன்றி. அமர்த்தல் என்ற சொல் பிடித்திருக்கிறது. செய்முறையையும் எழுதினால் சொல் வாக்கியத்தில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். கேமராவின் x, z மதிப்புகளை 0.05இன் மடங்காக்கிப் பார்த்தேன். மினுக்கல் குறைந்ததே தவிர போகவில்லை.

பொறியன்:

போகாது. உங்கள் கேமரா 45 பாகை திரும்பி, 30 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலகின் x அச்சில் 0.05 நகர்ந்தால், கேமராவின் வலப்பக்க அச்சில் அது 0.035தான். பிக்சல் கணக்கில் 0.7. கட்டத்தில் விழவே இல்லை. கட்டம் படத்துக்குரியது, ஆகவே கேமராவின் வலப்பக்க அச்சிலும் மேற்பக்க அச்சிலும்தான் முழுமையாக்க வேண்டும். தொலைவில் இருப்பதையும் சிறுக்காமல் காட்டும் இணைவீழல் கேமரா என்பதால் முன்பின் அச்சை விட்டுவிடலாம்.

கேமரா காட்டும் உயரம் 9 அலகு, படத்தின் உயரம் 180 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.05 அலகு. கோடோ விளையாட்டுப் பொறியில் இப்படி:

```gdscript
var t = 9.0 / 180.0
var r = cam.global_basis.x
var u = cam.global_basis.y
var a = p.dot(r)   # p: கேமரா இருக்க வேண்டிய இடம்
var b = p.dot(u)
var sa = round(a / t) * t
var sb = round(b / t) * t
cam.global_position = p + r * (sa - a) + u * (sb - b)
```

இப்போது விளிம்புகள் அசையாது. ஆனால் கேமரா குதித்துக் குதித்துப் போகும், ஏனென்றால் ஒவ்வொரு அடியும் ஆறு திரைப்புள்ளி. அதற்குத்தான் மிச்சத்தைப் பயன்படுத்துகிறோம். `a` 3.47 என்றால் `sa` 3.45, மிச்சம் 0.02. அது ஒரு பிக்சலில் 0.4, திரையில் 2.4 புள்ளி. பெரிதாக்கிய படத்தை 2 புள்ளி இடப்பக்கம் தள்ளிக் காட்டினால் ஓட்டம் வழுவழுப்பாகிவிடும். மேல்கீழ் திசையில் குறி மாறும்: கேமரா மேலே போனால் படம் கீழே இறங்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் குதிப்பு இரண்டு மடங்காகத் தெரியும், உடனே பிடித்துவிடலாம்.

படத்தைத் தள்ளினால் ஓரத்தில் வெற்றிடம் தெரியும். அதனால் நான்கு பக்கமும் ஒரு பிக்சல் கூட்டி 322×182 ஆக வரைய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படத்தை 182 ஆக்கிவிட்டு கேமரா உயரத்தை 9 அலகிலேயே விட்டால் ஒரு பிக்சல் 0.05 அலகாக இருக்காது, மினுக்கல் திரும்பி வந்துவிடும். கேமராவுக்கு 9.1 கொடுங்கள். யூனிட்டியில் அந்த எண் பாதி உயரத்தைக் குறிப்பது, அங்கே 4.55.

தமிழ்வாணி:

நுட்பத்துக்குள் நான் வரவில்லை. ஆனால் "கட்டமர்வு" என்று யாராவது சுருக்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கட்டம் என்பதோடு அமர்வு சேர்ந்தால் கட்டவமர்வுதான் வரும், மரவடி போல. கட்டமர்வு என்றால் "கட்டு" என்பதோடு சேர்ந்ததாகப் பொருள்படும். தவிர, கணினித் தமிழில் "அமர்வு" என்றாலே உள்நுழைந்து வெளியேறும் வரையான நேரம் என்று நிலைபெற்றுவிட்டது. "அமர்த்தல்" பிறவினை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அதையும் பெயராக்கிச் சுருக்காமல் வினையாகவே புழங்க விடுங்கள்.

கதிர்:

அப்படியானால் நான் சொன்னதற்கு "முனை அமர்த்தல்", மதி சொன்னதற்கு "கேமரா அமர்த்தல்". எது அமர்கிறது என்பது முன்னால் வந்துவிடுகிறது. நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த மிச்சத்துக்கு "எச்சம்" என்று வைக்கலாமா? கணிதப் புத்தகங்களில் இருக்கிறதே.

தமிழ்வாணி:

வைக்கலாம். "படத்தின் மேல் எச்சம் விழுகிறது" என்று யாராவது எழுதும் வரை.

மதி:

மிச்சமே இருக்கட்டும்! 322×182, 9.1 மாற்றியதும் கூரை விளிம்புகள் அப்படியே நிற்கின்றன. ஆனால் நிழல் விளிம்பு மட்டும் இன்னும் ஊர்கிறது. கேமராவைத் திருப்பினால் எல்லாமே ஊர்கிறது.

பொறியன்:

நிழலுக்கு அதற்கென்று ஒரு படம் உண்டு. சூரிய ஒளியின் நிழற்படம் கேமராவின் பார்வையைச் சுற்றிப் பொருத்தப்படுவதால் கேமராவோடு அதுவும் நகர்கிறது. அதையும் ஒளியின் அச்சுகளில் அதன் சொந்தக் கட்டத்தில் அமர்த்த வேண்டும். சில பொறிகள் தாமே செய்யும். உங்களுடையது செய்கிறதா என்று அறிய, அசைவுகளையெல்லாம் நிறுத்திவிட்டு, பெரிதாக்கும் முன் உள்ள சிறுபடத்தை இரண்டு தடவை சேமியுங்கள், இடையில் கேமராவைச் சரியாக ஒரு பிக்சல் நகர்த்துங்கள். ஒன்றை ஒரு பிக்சல் தள்ளி மற்றொன்றிலிருந்து கழித்தால், ஓரம் தவிர முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். கறுப்பில்லாத இடம்தான் குற்றவாளி.

திருப்பலுக்கு மருந்தில்லை. திரும்பினால் கட்டமே புதிது. 45 அல்லது 90 பாகை அடிகளாகத் திருப்பி, திரும்பும் கண நேர மினுக்கலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். தொலைவுக்கேற்பச் சிறுக்கும் கேமராவிலும் இது முழுதாக நடக்காது. அங்கே ஒரு பிக்சலின் உலக அளவு ஆழத்துக்கு ஆழம் மாறும், ஏதோ ஓர் ஆழத்தில் மட்டும் அமர்த்த முடியும்.

கதிர்:

நகரும் பாத்திரங்கள்?

பொறியன்:

அவற்றையும் வரையும் நேரத்தில் மட்டும் அதே கட்டத்தில் அமர்த்தலாம். மோதல் கணக்கிலிருக்கும் உண்மை இடத்தைத் தொடாதீர்கள், தொட்டால் மெதுவாக நடப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பார். கேமரா பின்தொடரும் நாயகன்தான் வம்பு. நாயகனும் கேமராவும் 0.02 நகர்கிறார்கள். நாயகன் அமர்ந்த கட்டம் மாறவில்லை, ஆனால் மிச்சத்துக்காகப் படத்தை 2 புள்ளி இடப்பக்கம் தள்ளிவிட்டோம். திரை நடுவில் நிற்க வேண்டியவன் பின்னால் வழுக்கி, பிறகு முன்னால் தாவுகிறான். நடுங்குவது போலத் தெரியும்.

மதி:

அதே நடுக்கம் எனக்கும். மிச்சத் தள்ளலையே நிறுத்திவிட்டால் நாயகன் அசையாமல் நிற்கிறான், உலகம் ஆறு ஆறாகத் தாவுகிறது.

கதிர்:

நாயகனைத் தனி அடுக்கில் வரைந்து, அந்த அடுக்கைத் தள்ளாமல் விட்டால்?

பொறியன்:

செய்யலாம். தூணுக்குப் பின்னால் போனால் அவன் மறைய வேண்டும். அதற்கு உலகின் ஆழப்படத்தையும் அந்த அடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டு கட்டங்களும் பொருந்தாததால் தூணின் ஓரத்தில் ஒரு பிக்சல் முன்பின்னாக வெட்டும். எனக்கு அந்த வெட்டு, நடுக்கத்தைவிடக் குறைவாகவே உறுத்துகிறது. தாவலே பரவாயில்லை என்பவர்களும் உண்டு.

மதி:

கையேட்டில் மூன்றையும் எழுதிவிடுகிறேன். சொற்கள்: கேமரா அமர்த்தல், முனை அமர்த்தல், மிச்சத் தள்ளல், விளிம்பு ஊர்தல். 320×180 படத்துக்கு "சிறுபடம்" என்று போட்டிருக்கிறேன்.

தமிழ்வாணி:

சிறுபடம் என்றால் கோப்பு உலாவியில் தெரியும் குட்டிப் படத்தை நினைப்பார்கள். "வரைதளம்" என்று வைத்து முன்னால் "சிறு" சேர்க்கலாமே?

கதிர்:

வரைதளம் என்றால் எனக்கு ஓவியச் செயலிதான் நினைவுக்கு வருகிறது. சிறுபடத்துக்கே என் ஓட்டு.