நறுக்கா, சறுக்கா: உத்திரத்தின் நடுவில் ஒரு சொல்

உதகை, பாலிடெக்னிக் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். கட்டடவியல் மாணவர்களுக்கான தமிழ்ப் பயிற்சித்தாள் ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஷியர் ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு எங்கள் பழைய குறிப்புகளில் ‘நறுக்குத் தகைவு’ என்று இருக்கிறது. நானும் அப்படியே எழுதி வந்தேன். சென்ற வாரத் தேர்வில், செவ்வக உத்திரத்தில் இந்தத் தகைவு எந்த மட்டத்தில் மிகுதி என்று கேட்டதற்கு வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ‘மேல் விளிம்பில்’ என்று எழுதிவிட்டார்கள். காரணம் கேட்டேன். “கத்தி மேலிருந்துதானே இறங்கும், அம்மா” என்றான் ஒரு மாணவன். அவன் கணக்கில் தவறவில்லை, நான் கொடுத்த சொல்லை நம்பித் தவறினான். வேறு சொல் வேண்டும். ‘நியூட்ரல் ஆக்சிஸ்’ என்பதற்கும் ஒன்று சொல்லுங்கள்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நறுக்குதல் என்பது சிறு துண்டாக்குதல். ஓலை நறுக்கு என்னும் வழக்கையும் நோக்குக. ஒரு முழுப்பொருள் தன் இயல்பை இழந்து சிதறுவதையே அச்சொல் குறிக்கும் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. ‘கொய்’ என்னும் வினையடியைப் பரிந்துரைக்கிறேன். நம் மலையில் கைக்கிள்ளல் குறைந்து கத்தரி வைத்து இலை எடுப்பது பெருகிவிட்டது. கத்தரியின் இரு அலகுகளும் ஒன்றையொன்று உரசி எதிரெதிராகச் செல்வதுதானே நீங்கள் சொல்லும் விசை? ‘கொய்வுத் தகைவு’ என்றால் மாணவர் தம் தாய்மார் கையிலேயே அதைக் காண்பார்கள். மற்றொன்றுக்கு ‘நொதுமல் அச்சு’ என்க. நொதுமலர் வரைவு என்னும் அகத்துறை அறிந்த யாருக்கும் இச்சொல் புதிதன்று. இப்பக்கமும் சாராதது, அப்பக்கமும் சாராதது.

குன்னூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஐயாவின் கத்தரி அழகானது, ஆயினும் அதுவும் குறுக்கே வெட்டுவதுதான். மாணவன் மறுபடியும் மேல் விளிம்பையே காட்டுவான். உத்திரத்தினுள் நடப்பதை முதலில் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

100 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு மர உத்திரம் இரு சுவர்களில் தாங்கி நிற்கிறது. நடுவில் 8 கிலோநியூட்டன் சுமை தொங்குகிறது. ஒவ்வொரு சுவரும் 4 கிலோநியூட்டன் தாங்கும். சுவரோரத்தில் முதல் 100 மி.மீ. நீளத்தை மட்டும் ஒரு துண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் வெளிமுனையில் வளைவுத் திருப்பம் இல்லை, உள்முனையில் 0.4 கிலோநியூட்டன்-மீட்டர் இருக்கிறது. ஆகவே உள்முனையின் மேல் விளிம்பில் சதுர மில்லிமீட்டருக்கு 0.6 நியூட்டன் அமுக்கம். அது கீழே வரவரக் குறைந்து நடுவில் சுழியாகும். அம்மா கேட்ட ‘நியூட்ரல் ஆக்சிஸ்’ இந்த மட்டமே; இப்போதைக்கு நடு அச்சு என்பேன். மேற்பாதியில் சராசரி 0.3, பரப்பு 10,000 சதுர மி.மீ.; ஆக 3000 நியூட்டன் அந்த மேற்பாதியைச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறது. வெளிமுனையில் எதிர்த்தள்ளு எதுவும் இல்லை. பின் ஏன் அது நகரவில்லை? கீழ்ப்பாதி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடிக்கும் தளமும் 100-க்கு 100, அதாவது 10,000 சதுர மி.மீ. எனவே அங்கே 0.3. நாம் தேடும் தகைவு இதுவே.

இனி நடுவிலிருந்து 50 மி.மீ. மேலே ஒரு தளத்தை எடுங்கள். அதற்கு மேலுள்ள பட்டையைத் தள்ளுவது 2250 நியூட்டன்தான், தகைவு 0.225. மேல் விளிம்பிலோ அதற்கு மேல் தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை, சுழி. நடுவுக்குக் கீழே 50 மி.மீ. போனால், இடையில் வந்த பகுதி இழுவையில் இருப்பதால் 3000-இல் 750 கழிந்து மீண்டும் 2250 ஆகிறது. மேலிருந்து சேர்ந்துகொண்டே வந்த தள்ளுவிசை நடு அச்சைக் கடந்ததும் கழியத் தொடங்குகிறது. அதனால்தான் அங்கே உச்சம். மாணவர்கள் 4000-ஐ 20,000-ஆல் வகுத்து 0.2 என்று நிறுத்திவிடுவார்கள். உச்சம் அதைப் போல் ஒன்றரை மடங்கு.

இதில் வெட்டு எங்கே இருக்கிறது? அடுக்கு அடுக்கின்மேல் சறுக்க முயல்கிறது. ‘சறுக்குத் தகைவு’ என்பதே என் தேர்வு. பள்ளி இயற்பியலில் ‘சறுக்குப் பெயர்ச்சி’ என்று படித்து வந்தவர்களுக்கு இது தொடர்ச்சியாகவும் இருக்கும்.

கோத்தகிரி, தேயிலை ஆலைப் பராமரிப்பாளர்:

ஐயா சொன்ன அளவிலேயே எங்கள் இலை வாட்டும் மாடிக்குக் கீழே ஒரு கற்பூர மர உத்திரம் இருக்கிறது. அது சுவரோரத்தில், உயரத்தின் நடுவில், நீளவாக்கில் பிளந்திருக்கிறது. ஈரம் காயாத மரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் மரக்காரரிடம் சண்டை போட்டேன். உலர்வுப் பிளவுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே கேள்வி என்று எண்ணி எழுதுகிறேன்.

கூடலூர், இளம் பொறியாளர்:

அண்ணா, அது உலர்வாக இருக்காது. ஐயா சொன்ன தகைவேதான். நடு அச்சில் வளைவுத் தகைவு சுழி என்பதால் அங்கே மரத்துக்கு வேறு வேலை இல்லை. ஆகவே இந்தத் தகைவை முழுவதும் அது ஏற்றுக்கொள்கிறது. எந்த வெட்டுமுகமானாலும் உச்சம் நடு அச்சில்தான். எனவே ‘நடு அச்சுத் தகைவு’ என்றே பெயர் வைத்துவிடலாம்.

குன்னூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

தம்பி, இடத்தைச் சரியாகச் சொன்னீர்கள்; காரணம் அதுவன்று. மரம் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. நடு அச்சில் விசையின் திசை மாறுவதால் கூட்டல் அங்கே நிற்கிறது, அவ்வளவே. அந்தக் கூட்டலை அத்தளத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும். செவ்வகத்தில் அகலம் மாறாததால் உச்சம் நடு அச்சில் விழுகிறது. முக்கோண வெட்டுமுகத்தில் நடு அச்சு அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். உச்சமோ பாதி உயரத்தில். ஆகவே உங்கள் பெயர் முக்கோணத்தில் பொய்யாகிவிடும்.

பராமரிப்பாளர் ஐயா, உங்கள் சண்டையும் முழுத் தவறன்று. உலர்வுப் பிளவு முகப்பிலிருந்து உள்ளே போகப்போக மெலிந்து நின்றுவிடும். இரு பாதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். சறுக்கிப் பிளந்திருந்தால் உத்திரத்தின் முனைமுகத்தில் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே நேரில் இராமல் சிறு படியாகத் தெரியும். சுமை குறைவாக உள்ள நாளில் பிளவின் குறுக்கே பென்சிலால் செங்குத்தாக ஒரு கோடு இடுங்கள். இலை நிறைந்த நாளில் கோடு ஒடிந்து தெரிந்தால் உடனே முட்டுக் கொடுங்கள். உலர்ந்து பிளந்த மரமானால் பிடித்து வைக்கும் தளமே சுருங்கிவிடும் என்பதால், உலர்வுப் பிளவே சறுக்குப் பிளவுக்கு வழிவிடும். மரம் இழையின் போக்கில் எளிதில் பிரியும். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய ரயில்பாதையின் மரப்பாலங்களில் பணியாற்றிய ஜுராவ்ஸ்கி இந்தக் கணக்கை வகுத்ததும் அதனால்தான்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விளக்கத்தை ஏற்கிறேன், சொல்லை இன்னும் ஏற்கவில்லை. ‘சறுக்கு தகைவு’ என வல்லினம் மிகாமல் எழுதினால் வினைத்தொகையாகி, தகைவே சறுக்குவதாகப் பொருள்படும். சறுக்குவது அடுக்கு. எனவே சறுக்கலை விளைக்கும் தகைவு என விரித்து, ஒற்று மிகுத்தே எழுத வேண்டும். மேலும் சறுக்கல் என்பது நிகழ்ந்து முடிந்த வழுக்கலைச் சொல்கிறது. உத்திரமோ சறுக்காமல் பிடித்து நிற்கிறது. பிடித்து நிற்பதற்கு ஒரு சொல் தமிழில் இல்லாமலா போகும்?

உதகை, பாலிடெக்னிக் ஆசிரியை:

ஐயா, ‘தகை’ என்பதற்கே தடுத்து நிறுத்துதல் என்னும் பொருள் உண்டு. பிடித்து நிற்பதை அந்தப் பாதி சொல்லிவிடுகிறது என்று எண்ணுகிறேன். பயிற்சித்தாளில் ‘சறுக்குத் தகைவு’ என்றே, ஒற்றுடன் அச்சிடுகிறேன். தேர்வுத்தாளில் பழைய சொல் வரக்கூடும் என்பதால் ஓரத்தில் ‘நறுக்கு’ என்பதையும் ஒருமுறை குறிப்பேன். குன்னூர் ஐயாவின் 3000 நியூட்டன் கணக்கை அப்படியே சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். அச்சின் பெயருக்கு ‘நடுநிலை அச்சு’ என்று நால்வர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தகைவு பற்றி நீங்கள் சொன்னது சரி; அதில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘நடுநிலை’ என்றால் மாணவர் உயரத்தின் நட்டநடுவில் என்றே கொள்வர். குன்னூர்க்காரர் காட்டிய முக்கோணத்தில் அது நடுவில் இல்லையே. நொதுமல் அச்சு என்பதே என் கருத்து. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன்.

கோத்தகிரி, தேயிலை ஆலைப் பராமரிப்பாளர்:

முனைமுகத்தைப் பார்த்தேன். நூலிழை அளவுக்குப் படி இருக்கிறது. இன்று மாலையே முட்டுக் கொடுக்கிறோம். கோடும் போட்டுவிட்டேன்.