வழிகாட்டித் திட்ட அழைப்பில் “மாதம் ஒரு மணி நேரம்”: உங்கள் அனுபவம் என்ன?

வானம்பாடி:
எங்கள் நிறுவனத்தின் வழிகாட்டித் திட்டம் முடிந்துவிட்டது; ஆனால் அதன் இறுதிச் சந்திப்பு என் மனத்தை விட்டு அகலவில்லை. “ஆறு மாதங்கள், மாதம் ஒரு மணி நேரம், இருவரும் தொடர்பில் இருக்க வேண்டும்” என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். முதல் சந்திப்பு நன்றாக நடந்தது. அதன் பிறகு என் வழிகாட்டியிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. பதவியில் மூத்தவர்தான் நேரம் குறிப்பார் என்பதே நான் பார்த்து வந்த முறை என்பதால் காத்திருந்தேன். கடைசி நாளில் அவர், “நீங்கள் ஏன் அழைக்கவே இல்லை? ஆர்வம் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. யார் யாரை அழைக்க வேண்டும் என்று உங்களுக்கு வந்த அழைப்பில் எழுதியிருந்ததா?

நெடுவழி:
இத்தகைய அழைப்புகளை எழுதுவதும், யாருக்கு யார் வழிகாட்டி என்று இணைகளை அமைப்பதும் என் பணி. “இருவரும்” என்று எழுதினால் பொறுப்பு ஒருவரிடமும் தங்காது. எனவே, தேதி கேட்பவர் வழிகாட்டல் பெறுபவரே என்றும், பேச விரும்பும் இரண்டு மூன்று கேள்விகளை அவர் இரண்டு நாட்கள் முன்னதாக அனுப்ப வேண்டும் என்றும், அடுத்த தேதியைக் குறிக்காமல் எந்தச் சந்திப்பையும் முடிக்கக் கூடாது என்றும் நாங்கள் வெளிப்படையாக எழுதுகிறோம். அடுத்தடுத்து இரண்டு சந்திப்புகள் தள்ளிப்போனால் ஒருங்கிணைப்பாளர் இருவரிடமும் தனித்தனியாக விசாரிப்பார்.

“ஒரு மணி நேரம்” என்பதும் முழுக் கணக்கு அன்று. கேள்விகளைப் படித்து யோசிக்க வழிகாட்டிக்கு இன்னும் அரை மணி நேரம் தேவைப்படும். ஆறு மாதங்களுக்கு ஒன்பது மணி நேரம். வழிகாட்டல் பெறுபவருக்கோ சந்திப்பில் ஒப்புக்கொண்டதைச் செய்து பார்க்கும் நேரமும் சேரும். இதை முன்னரே சொன்னால் சிலர் விலகுவார்கள். நடுவில் காணாமல் போவதைவிட அது நல்லது.

வழிகாட்டி உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம், 18 இணைகளைக் கொண்டு 1983-இல் வெளியிட்ட கட்டுரையில், இயல்பாக அமையும் வழிகாட்டி உறவின் தொடக்கக் கட்டத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகிறது என்கிறார். நம் திட்டம் முழுவதுமே ஆறு மாதம்தான் என்பதால், தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று எதையும் விட்டுவைக்க முடியாது.

கடற்காகம்:
சிக்கல் நேரத்தில் இல்லை, இணை சேர்ப்பதில்தான் இருக்கிறது. என் நேரடி மேலாளரே எனக்கு வழிகாட்டியாக இருந்தார். ஒரு சந்திப்பும் தவறவில்லை. நம் வேலையை அன்றாடம் பார்ப்பவருக்குத்தானே நம் குறை தெரியும்? ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் பிரிவையே கேளுங்கள், தொலைவில் இருப்பவரை ஏற்காதீர்கள், குறிப்பேடு வையுங்கள், ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு நன்றிக் கடிதம் அனுப்புங்கள், அவர் பரிந்துரைப்பதை உடனே படியுங்கள்.

இளவேனில்:
கடற்காகம் அவர்களே, வேலையை அறிந்தவர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நம் மதிப்பீட்டை எழுதுபவர் வழிகாட்டியாக இருக்கவே கூடாது. வேறு பிரிவுக்கு மாறலாமா என்று வழிகாட்டியான என் மேலாளரிடம் மனம் திறந்து கேட்டேன். ஆண்டு மதிப்பீட்டின்போது, “நீங்கள்தான் போகப் போகிறீர்களே, இந்தப் பொறுப்பு உங்களுக்கு எதற்கு?” என்றார். அழைப்பில் இரகசியம் காக்கப்படும் என்ற வாக்கியம் இருந்தது. ஆனால், நாம் மனம் திறந்து சொன்னதைக் கேட்டவரே முடிவெடுப்பவராகவும் இருக்கும்போது அந்த வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை.

முகிலன்:
எனக்கும் அநீதிதான் நடந்தது. “தொழில் முன்னேற்றத்துக்கு வழிகாட்டி உதவுவார்” என்று அழைப்பில் இருந்தது. காலியிடம் வந்தபோது பரிந்துரைக்கும்படி என் வழிகாட்டியிடம் கேட்டேன். அது தன் வேலை அன்று என்று கூறிவிட்டார். வேறு வழிகாட்டியைக் கேட்டுப் பெறலாமா?

நெடுவழி:
முகிலன், அவர் வரம்பை மீறவில்லை. தெளிவில்லாத அந்த வரிதான் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்திருக்கிறது. பரிந்துரை, பதவி உயர்வு, வேலை எதற்கும் இத்திட்டத்தில் உறுதி இல்லை என்று அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். மாற்றம் கேட்கலாம், இரண்டாம் மாத இறுதிக்குள் யாரும் காரணம் சொல்லாமல் இணையை மாற்றிக்கொள்ள நாங்கள் அனுமதிக்கிறோம். ஆனால் பரிந்துரைதான் உங்கள் தேவை என்றால், அடுத்தவரும் இதே பதிலைத்தான் சொல்வார்.

இளவேனில் சொன்னதுபோல், மேலாளரையும் அவருக்கு மேலுள்ளவரையும் நாங்கள் இணை சேர்ப்பதில்லை. விண்ணப்பத்தில் பிரிவைக் கேட்பதைவிட, “ஆறு மாதத்துக்குப் பின் உங்களால் எதைச் செய்ய முடிய வேண்டும்?” என்று கேட்கிறோம். “வளர வேண்டும்” என்று எழுதுபவருக்கு இணை தேடுவது கடினம். “கூட்டங்களில் எதிர்க்கருத்தைச் சொல்லப் பழக வேண்டும்” என்று எழுதுபவருக்கு எளிது. வழிகாட்டியைத் தாங்களே தேர்ந்தெடுக்க விடலாமா என்பதில் மட்டும் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. விட்டால் ஈடுபாடு கூடுகிறது. ஆனால் எல்லோரும் பெயர் பெற்ற சிலரையே கேட்கிறார்கள்.

கடற்காகம்:
என் மேலாளர் அப்படிப்பட்டவர் அல்லர். ஒருவர் தவறினார் என்பதற்காக எல்லோரையும் விலக்குவது சரியன்று.

வானம்பாடி:
நெடுவழி அவர்களின் பதிலைப் படித்தபின் என் வழிகாட்டியிடம் பேசினேன். அவருக்கு வந்த கடிதமே வேறாம். அதில் “வழிகாட்டல் பெறுபவரே உங்களை அணுகுவார்” என்று எழுதியிருந்ததாம். எனக்கு வந்ததில் அந்த வரி இல்லை. இரு தரப்பினருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் வழக்கம் உங்கள் நிறுவனங்களில் இருக்கிறதா?