விசைப்பலகை இப்போது எங்கே நிற்கிறது? ஒரு சொல் தேவை

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலை ஒரு கைநூல் அச்சகத்துக்குப் போக வேண்டும். மௌஸ் பிடிக்க முடியாதவர்கள் விசைப்பலகையை மட்டும் வைத்து Thunderbird மின்னஞ்சல் மென்பொருளில் கடிதம் பார்ப்பதும் எழுதுவதும் எப்படி என்று சொல்கிற சின்ன நூல். கோப்புறை, கடிதப் பட்டியல், பெறுநர் பெட்டி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. ஒன்றுக்குத்தான் இல்லை.

அது என்னவென்று என் வகுப்பில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். பாரிசவாதத்தால் வலது கை விழுந்துபோன ஒருவர் வருகிறார். இடது கையில் ஒரு விரலால் அடிப்பார், பெரிய எழுத்தெல்லாம் போட மாட்டார். போன கிழமை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். புதுக் கடிதத்துக்கு `Ctrl+N`. அந்த இரண்டையும் ஒரு கையால் சேர்த்து அழுத்த முடியாது என்பதால் Sticky Keys போட்டுக் கொடுத்திருந்தேன். முதலில் `Ctrl`-ஐத் தட்டிவிட்டு, அப்புறம் `N`-ஐத் தட்டினால் போதும். அன்றைக்கு எப்படியோ அது நின்றுபோயிருந்தது. வெறும் `N` மட்டும்தான் போனது. Thunderbird-இல் வெறும் `N` என்றால் அடுத்த வாசிக்காத கடிதத்துக்குத் தாவு என்று பொருள். இவர் அதைக் கவனிக்கவில்லை. விசைப்பலகையைப் பார்த்தபடி, மகளைக் கூப்பிடுகிற மாதிரியே amma என்று அடித்தார்.

`A` அந்த வாசிக்காத கடிதத்தைக் காப்பகத்துக்கு அனுப்பியது. இரண்டு `M`-உம் அடுத்த கடிதத்தை வாசித்தது, வாசிக்காதது என்று மாற்றி மாற்றிக் குறித்தன. கடைசி `A` அதையும் கொண்டுபோனது. நிமிர்ந்து பார்த்தால் எழுதிய சொல் திரையில் இல்லை, இருந்த இரண்டு கடிதமும் இல்லை. முதலாவது மகள் போட்ட கடிதம். மனுசன் முகம் வெளிறிவிட்டது. Archives கோப்புறைக்குள் இந்த ஆண்டின் பெயரில் இருந்த உட்கோப்புறையில் இரண்டும் கிடைத்தன. ஆனாலும் அன்று அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை.

நான் தேடுவது, அந்த நேரத்தில் விசைகள் யாருக்குப் போய்ச் சேர்ந்தனவோ அந்த இடத்தின் பெயர். ஆங்கிலத்தில் ஃபோகஸ். தமிழில் என்ன போடலாம்?

கொட்டாஞ்சேனைப் பௌதிகவியல் சேர் எழுதியது:

ரீச்சர், இதற்கு விவாதமே தேவையில்லை. குவியம். சாதாரண தரப் பிள்ளைக்கும் குவியத்தூரம் தெரியும். சமாந்தரமாக வரும் ஒளிக்கதிர்கள் குவிவு வில்லையில் பட்டு ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அதேபோல விசைகள் எல்லாம் ஒரு பெட்டியில் போய்ச் சேர்கின்றன. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் இன்னொன்றைத் தேட வேண்டும்?

பம்பலப்பிட்டி ஐயா எழுதியது:

சேர் சொல்வது ஒளியியலுக்குச் சரி. ஆனால் குவிதல் என்றால் பல ஒன்றாகச் சேர்தல். நெல் குவிகிறது, கை குவிகிறது, தாமரை இரவில் குவிகிறது. இங்கே ஒரு விசைக்குப் பிறகு இன்னொரு விசை, ஒவ்வொன்றாகத்தான் போகிறது. குவியல் எங்கே இருக்கிறது?

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் கிடக்கிறது: நாட்டம். நாடுதலும் நாட்டம், கண்ணும் நாட்டம். சிவனுக்கு நெற்றிநாட்டம் என்று சொல்வதில்லையா? கண் எங்கே பதிந்திருக்கிறதோ மனமும் அங்கே நாடி நிற்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல். குறளில் “குறிக்கொண்டு நோக்காமை அல்லால்” என்று வரும் இடத்தைப் பாருங்கள். நேராகக் குறித்து நோக்குவது ஒன்று, ஓரக்கண்ணால் பார்ப்பது வேறு. இந்த வேறுபாடு நம்மிடம் எப்போதோ இருந்தது. நாட்டம் அல்லது குறிக்கோள். குறிக்கோள் இன்று இலட்சியம் என்ற பொருளுக்குப் போய்விட்டது, ஆகவே நாட்டம்.

நாட்டு என்ற வினை நடு என்பதன் பிறவினை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நடப்பட்டது நிற்கும். கொடி நாட்டுகிறோம், கால் நாட்டுகிறோம். கண்ணை ஓரிடத்தில் நாட்டுவது நாட்டம் என்று கொண்டால் வேர் இன்னும் தெளிவாகிறது. இதைப் பற்றி விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

மட்டக்குளி அக்கா எழுதியது:

நான் தமிழ் படித்தவள் இல்லை, மன்னிக்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு NVDA இருக்கிறதே, எங்கே நிற்கிறோம் என்று அதுவே வாசித்துச் சொல்லிவிடும். பிறகு எதற்கு ஒரு பெயர்?

எனக்கும் மணிக்கட்டு வலி. பதினைந்து வருடம் தையல் மெஷினில் வேலை. மௌஸ் பிடித்தால் பெருவிரல் வரைக்கும் சுள்ளென்று இழுக்கும், அதனால் நானும் `Tab`-ஐத் தட்டித்தான் போகிறேன். பெறுநர், விடயம் வரை ஒழுங்காகப் போகும். கடிதத்துக்குள் இறங்கினால் பிறகு வெளியே வர முடிவதில்லை. `Tab` தட்டத் தட்ட எழுத்து வலது பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது. அதற்கும் ஒரு பெயர் வைத்தால் நல்லது.

தெஹிவளைத் தம்பி எழுதியது:

அக்கா, ரீச்சரின் மாணவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, பழுது கையில்தான். அவர் திரையைக் கேட்பதில்லை, பார்க்கிறார். அதனால் எங்கே நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் மென்பொருள் சோதனைக்காரன். இணைய அணுகுதன்மை விதிகளில், அதாவது WCAG-இல், இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: விசைப்பலகையால் இயக்கும்போது நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று.

உங்கள் சிக்கலுக்கு வழி `F6`. கடிதத்தின் உடலுக்குள் `Tab` வெறும் இடைவெளியைத்தான் போடும், அங்கே அதற்கு அதுதான் வேலை. `F6`-ஐத் தட்டினால் அந்தப் பகுதியை விட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். `Shift+F6` பின்னோக்கிக் கொண்டுவரும். கோப்புறைகள், கடிதப் பட்டியல், கடிதம் என்று மூன்று பகுதி உள்ள முதன்மைச் சாளரத்திலும் இதே விசைதான். எத்தனை தட்டில் எங்கே போய்ச் சேரும் என்பது பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சேரும் ஐயாவும் ஒன்றை விட்டுவிட்டார்கள். ஃபோகஸ் வேறு, தெரிவு வேறு. முதன்மைச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். இடது பக்கம் Inbox தெரிவாகி இருக்கும், நடுவில் ஒரு கடிதம் தெரிவாகி இருக்கும். தெரிவு இரண்டு. ஆனால் ஒன்றின் மேல்தான் அழுத்தமான நிறம் இருக்கும், மற்றது சாம்பலாக வெளிறியிருக்கும். அழுத்த நிறம் இருக்கிற பக்கத்தில்தான் ஃபோகஸ். இப்போது `Delete` தட்டுங்கள். நிறம் நடுவில் இருந்தால் ஒரு கடிதம் கேள்வி கேட்காமல் குப்பைக்குப் போகும். நிறம் இடது பக்கம், நீங்கள் உருவாக்கிய ஒரு கோப்புறையில் இருந்தால் கோப்புறையையே அழிக்கவா என்று கேட்கும். பதறிப்போய் `Enter` தட்டினால் முழுக் கோப்புறையும் போய்விடும்.

பட்டியலுக்குள்ளேயே இதைப் பிரித்துக் காட்டலாம். `Ctrl`-ஐப் பிடித்துக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினால் தெரிவு முதல் கடிதத்திலேயே இருக்கும், ஒரு மெல்லிய சட்டம் மட்டும் கீழே இறங்கும். அந்தச் சட்டம்தான் ஃபோகஸ். `Ctrl+Space` தட்டினால்தான் அந்த வரியும் தெரிவாகும். ஆகவே நாம் வைக்கும் சொல் தெரிவு என்பதோடு குழம்பக் கூடாது. ஐயாவின் நாட்டத்தில் எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. ஒன்றை நாடுவதும் அதைத் தெரிவதும் பேச்சில் கிட்டத்தட்ட ஒன்றுதானே.

ரீச்சர், Sticky Keys நின்றுபோன காரணமும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டு விசைகள் ஒன்றாக அழுந்தினால் அது தானாக அணைந்துவிடும் என்று ஓர் அமைப்பு அதற்குள் இருக்கிறது. உள்ளங்கை பட்டிருக்கும். அந்த அமைப்புக்கு நேரே இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர் எழுதியது:

தெரிவு இல்லை, தேர்வு. இங்கே எல்லா மென்பொருளிலும் தேர்ந்தெடு என்றுதான் போடுகிறோம்.

பம்பலப்பிட்டி ஐயா எழுதியது:

சென்னை அன்பருக்கு: உங்களுக்குத் தேர்வு என்பது பரீட்சையும்தானே. “தேர்வில் அழி” என்று வந்தால் பிள்ளை பயந்துவிடும். தெரிதலும் தேர்தலும் ஒரே வேரிலிருந்து வந்தவை, சண்டை வேண்டாம். இலங்கையில் தெரிவு என்றே இருக்கட்டும்.

தம்பியின் விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் நாட்டத்தை நான் விடவில்லை. விளங்கவில்லை என்றால் விளங்க வைப்போம். குவியத்தையும் ஒரு காலத்தில் யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

நேற்றைய வகுப்பில் இரண்டு சொல்லையும் வைத்துப் பார்த்தேன். குவியம் என்றதும் ஒருவர் கண்ணாடி வில்லையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாட்டம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள், ஆனால் “நாட்டம் எங்கே?” என்று கேட்டபோது ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். தங்களுக்குள் பேசும்போது அவர்கள் கேட்பது “இப்ப எங்க நிக்குது?” என்றுதான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, தாங்களாகவே பிடித்துக்கொண்டது. `F6` தட்டிவிட்டு “இப்ப பட்டியல்ல நிக்குது” என்கிறார்கள்.

அதிலிருந்து நிற்கை என்று எடுக்கலாமா? இரு, இருக்கை என்பதுபோல நில், நிற்கை. “நிற்கை கடிதப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு `Delete` தட்டவும்.”

கொட்டாஞ்சேனைப் பௌதிகவியல் சேர் எழுதியது:

இலக்கணம் சரி. ஆனால் நிற்கை என்று வாசிக்கும்போது கையும் நிற்பதும்தான் கண்ணில் படுகிறது. கை இயங்காத ஒருவருக்கு எழுதும் நூல், யோசியுங்கள். தேடிப் படிக்கிறவனுக்கும் குவியம் என்றால்தான் வேறு நூல்களில் கிடைக்கும்.

தெஹிவளைத் தம்பி எழுதியது:

சேர் சொன்ன கை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சரிதான். நிலை என்று சுருக்கவும் முடியாது, அது ஏற்கெனவே ஆயிரம் வேலை செய்கிறது. நிற்குமிடம் என்று இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினால் என்ன? கலைச்சொல் மாதிரி இருக்காது, ஆனால் வாசிக்கிறவர் நின்று யோசிக்க மாட்டார்.

மட்டக்குளி அக்கா எழுதியது:

`F6` வேலை செய்தது தம்பி. நிற்குமிடம் எனக்கு விளங்குகிறது.

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது:

அச்சகம் இரண்டு முறை அழைத்துவிட்டது. கைநூலின் உள்ளே எல்லா இடத்திலும் நிற்குமிடம் என்று போட்டிருக்கிறேன், கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் மட்டும் “நிற்குமிடம், குவியம்” என்று இரண்டும் வரும். amma கதையை, ஆளைச் சொல்லாமல், அவர் சம்மதத்தோடு நான்காம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். புதுச் சாளரம் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் எழுத்தை அடிக்கச் சொல்லி அதன் கீழே ஒரு வரி. இன்று அவர் அப்படித்தான் எழுதினார்.

பம்பலப்பிட்டி ஐயா எழுதியது:

அச்சாகட்டும் மகள். இரண்டாம் பதிப்புக்கு முன் நாட்டம் பற்றிய என் கட்டுரை வந்துவிடும். அதையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.