துறைத் தலைவருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்: ஒரு பாடத்துக்குப் பொதுவான ஷோர்ட் நோட்ஸ் ஃபோல்டர் வந்த கதை

மஸ்கெலியாக்காரி

மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தேன். இரண்டாம் வருடத்தில் மண் விஞ்ஞானப் பாடத்துக்குப் பொதுவான சுருக்கக் குறிப்பு ஃபோல்டர் ஒன்று வேண்டும் என்று துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டாவதால் நடந்தது. வித்தியாசம் எங்கே இருந்தது என்று இப்போது யோசித்தால் தெரிகிறது.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு விரிவுரை முழுக்க ஆங்கிலம். சீனியர்கள் இரவில் எடுக்கும் குப்பி வகுப்புதான் கைகொடுத்தது. அந்தக் குப்பியில் கிடைத்த 11 பக்க ஷோர்ட் நோட்ஸ், போட்டோ கொப்பியாகவும் பிறகு வாட்ஸ்அப் படமாகவும் பாட்ச் பாட்சாகக் கைமாறி வந்தது. யார் எழுதியது, எந்த வருடம் என்று எதுவும் அதில் இல்லை.

அதில் ஒரு வரி: “1 ஹெக்டேர் மண் = 20 இலட்சம் கிலோ.” நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் 15 சென்ரிமீற்றர் ஆழம், பல்க் டென்சிட்டி 0.9 என்று கொடுத்து மண்ணின் நிறையைக் கேட்டார்கள். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீற்றர். அதை 0.15 மீற்றரால் பெருக்கினால் 1,500 கன மீற்றர். பல்க் டென்சிட்டி 0.9 என்றால் ஒரு கன மீற்றர் மண் 900 கிலோ, ஆக மொத்தம் 13.5 இலட்சம் கிலோ. கேள்வியில் கொடுத்த 0.9-ஐப் பார்க்காமலே பாதிப் பேர் 20 இலட்சம் என்று எழுதினோம், நானும்தான்.

அந்த 20 இலட்சம் பொய்யும் இல்லை. 15 சென்ரிமீற்றர் ஆழமும் பல்க் டென்சிட்டி 1.3-உம் என்றால் 19.5 இலட்சம் வரும், அதை யாரோ முழு எண்ணாக்கியிருக்கிறார். சுருக்கும்போது விடையை வைத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார். சேதனப் பொருள் அதிகமுள்ள உயர்நில மண்ணில் பல்க் டென்சிட்டி குறைவாகத்தான் இருக்கும். நாங்கள் பிறந்து வளர்ந்த மண்ணுக்கே அந்த வரி பொருந்தவில்லை என்பது எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது. உயர்தரத்தில் இதையே தோற்ற அடர்த்தி என்று படித்தோம், அப்போது கணக்கும் சரியாகவே செய்தோம்.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் முதல் கடிதம். நான்கு பக்கம். எல்லாப் பாடத்துக்கும் ஃபோல்டர், எல்லா விரிவுரையாளரின் ஸ்லைடும், பழைய வினாத்தாள்களுக்கு விடையும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். மூன்று வாரம் பதில் இல்லை. நேரில் போனபோது துறைத் தலைவர் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துக் கேட்டார்: “இதில் எதற்கு நான் ஆம் என்று சொல்ல வேண்டும்? மற்ற விரிவுரையாளரின் ஸ்லைடைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பிழை இருந்தால் யார் பொறுப்பு? நீங்கள் பட்டம் பெற்றுப் போனபின் அந்த ஃபோல்டர் யாருடையது?”

மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தை அந்த மூன்றுக்கும் பதிலாகவே எழுதினேன், ஒரே பக்கம். கடிதம் ஆங்கிலத்தில் போனது. அதன் சாரம் இது:

“மண் விஞ்ஞானப் பாடத்துக்கு மட்டும், ஒரு செமஸ்டருக்கு மட்டும், பரீட்சார்த்தமாக ஒரு ஃபோல்டர் வைக்க அனுமதி கோருகிறோம். ஒவ்வொரு வார விரிவுரைக்கும் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத குறிப்பு, மாணவர்களின் சொந்த வசனத்தில். ஸ்லைடு, பாடநூல் படம், தொடர் மதிப்பீட்டு விடை எதுவும் இருக்காது. சூத்திரம் எதுவானாலும் எந்த நிபந்தனையில் பொருந்தும் என்ற வரி கீழே இருக்கும். ஒருவர் எழுதுவார், வேறொருவர் தன் விரிவுரைக் கொப்பியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார், இருவர் பெயரும் திகதியும் மேலே இருக்கும். விரிவுரையாளர் திருத்த வேண்டியதில்லை, பிழை கண்டால் சுட்டிக்காட்டினால் போதும். செமஸ்டர் முடிவில் துறை விரும்பாவிட்டால் மூடிவிடுவோம்.”

20 இலட்சம் கணக்கையும் ஒரு பத்தியில் சேர்த்தேன். ஐந்தாம் வாரக் குறிப்பை மாதிரியாக எழுதி இணைத்தேன். ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. முடிவு எடுக்க வைத்தது அந்த மாதிரிக் குறிப்புதான் என்று நினைக்கிறேன். கையில் பிடித்துப் பார்க்க ஒன்று இருந்தது.

இப்படி யாராவது எழுதியிருக்கிறீர்களா? எங்கே தடை வந்தது?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

தங்கச்சி, நான் சில காலம் துறைத் தலைவராகவும் இருந்திருக்கிறேன். உங்கள் முதல் கடிதம் மாதிரி நிறைய வந்திருக்கின்றன. துறைத் தலைவர் தனியாக முடிவெடுக்க முடியாததை அவரிடம் கேட்டால் அவர் சும்மா வைத்துவிடுவார், அது அலட்சியம் இல்லை. ஸ்லைடு என்று ஒரு சொல் வந்தால் போதும், விடயம் துறைக் கூட்டத்துக்குப் போக வேண்டும். கூட்டத்தில் ஒரு விரிவுரையாளர் தயங்கினாலும் முழுக் கோரிக்கையும் நின்றுவிடும்.

இன்னொன்று. “ஊடாக” என்று ஒரு வரி போட்டு பாட்ச் ரெப்பையும் பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளரையும் தாண்டி வந்த கடிதம் எனக்கு எப்போதும் எளிதாக இருந்தது. பொறுப்பான விரிவுரையாளர் “ஆட்சேபனை இல்லை” என்று கையெழுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் லேசாக எடுக்கிறார்கள். ஃபோல்டரை மாணவர் தன் பல்கலைக்கழக மின்னஞ்சலில் திறப்பார், பட்டம் பெற்றபின் அந்தக் கணக்கை மூடுவார்கள், அதோடு அவருக்குச் சொந்தமான கோப்புகளும் எல்லோருக்கும் இல்லாமல் போய்விடும். சொந்த ஜீமெயிலில் வைத்தாலும் இரண்டு வருடம் திறக்காத கணக்கை கூகுள் நீக்கலாம். அதனால் துறையின் பெயரில் ஒரு கணக்கு, அல்லது கூகுள் டிரைவில் Shared drive என்று இருப்பதைக் கேளுங்கள். அதில் கோப்பு தனி ஆளுக்குச் சொந்தமாகாது. உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் காணவில்லையே?

மஸ்கெலியாக்காரி

உண்மை சேர், எழுதவில்லை. துறைத் தலைவரே துறை உதவியாளரின் கணக்கில் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். அது நல்ல நேரம்தான்.

பண்டாரவளை தம்பி

எங்கள் பாட்சிலும் வைத்திருந்தோம். எல்லோருக்கும் Viewer மட்டும் கொடுத்தோம், அப்போது யாரும் டவுன்லோட் பண்ண முடியாது, வெளியே போகாது. அதோடு மாணவர் எழுதிய நோட்ஸுக்குப் பதிப்புரிமைச் சிக்கலே வராது, படிப்புக்காகத்தானே. அனுமதிக் கடிதமே தேவையில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

தம்பி, Viewer கொடுத்தாலும் டவுன்லோட் பண்ணலாம். அதைத் தடுக்கத் தனியாக ஒரு செட்டிங் இருக்கிறது, அதுவும் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது. வெளியே போகும் என்று எண்ணியே உள்ளே வைப்பதைத் தெரிவு செய்ய வேண்டும்.

பதிப்புரிமையில் நீங்கள் சொன்னது பாதி சரி. மண்ணின் நிறையைக் கணக்கிடும் முறை யாருக்கும் சொந்தமில்லை, அதை உங்கள் வசனத்தில் எழுதலாம். ஆனால் விரிவுரையாளர் வரைந்த மண் பக்கப்பார்வைப் படத்தை அப்படியே ஒட்டினால் அது அவருடையது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கிறது. அதற்காக, படிப்புக்கு என்று சொன்னாலே எதையும் செய்யலாம் என்று அதை வாசிக்க முடியாது.

பண்டாரவளை தம்பி

சரி சேர், டவுன்லோட் விடயம் தெரியாது. ஆனாலும் எங்களுக்குக் கடிதம் இல்லாமலே நன்றாகத்தான் போனது.

கொட்டகலை டீச்சர்

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இதையே அதிபரிடம் கேட்டேன், பத்தாம் ஆண்டு விஞ்ஞானத்துக்கு. அனுமதி உடனே கிடைத்தது, சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கொப்பியைப் போட்டோ பிடித்து பீடிஎஃப் ஆக்கினோம், ஒரு பாடம் 40 எம்பி. லயத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவின் போன்தான், அதுவும் மலைக்கு மேலே ஏறினால்தான் சிக்னல். முக்கால்வாசிப் பேர் திறக்கவே இல்லை. பிறகு தட்டச்சு செய்து கொடுத்தோம். ஒரு பாடம் ஒரு எம்பிகூட வரவில்லை, திறந்தார்கள். நூலகத்தில் ஒரு அச்சுப் பிரதியும் வைத்தோம். உங்கள் கடிதத்தில் கோப்பின் அளவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மாணவியின் அம்மா, நுவரெலியா

என் மகள் இந்த வருடம் கம்பஸ் போகிறாள். அந்த நோட்ஸ் லிங்க்கை இங்கே போடுவீர்களா? பெரிய உதவியாக இருக்கும்.

மஸ்கெலியாக்காரி

அக்கா, பாட்சுக்கு வெளியே கொடுக்க மாட்டோம் என்றுதான் அனுமதி வாங்கினோம், அதனால் போட முடியாது. மகள் போகும் துறையில் குப்பி எடுக்கும் சீனியர்களைக் கேட்கச் சொல்லுங்கள். நோட்ஸ் கிடைத்தால் எழுதியவர் பெயரும் திகதியும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

பதுளைக்காரி

நான் மாறுபடுகிறேன். இப்படி ஒரு ஃபோல்டரில் மூன்று பாடத்துக்கு நான்தான் எழுதினேன். எழுதிய எனக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் எதை விடுவது எதை வைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். வாசித்தவர்கள் அந்த யோசனையைச் செய்யவில்லை. என் தோழி விரிவுரைக்கு வருவதைக் குறைத்தாள், ரிப்பீட் எழுதினாள். ஃபோல்டரால்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எழுதுவதை எல்லோருக்கும் முறை வைத்துப் பகிராமல் நான்கு பேர் எழுதி 80 பேர் வாசிப்பது என்றால் எனக்கு அது சரியாகப் படவில்லை.

மஸ்கெலியாக்காரி

இதே பயம் எனக்கும் இருந்தது அக்கா. முறை வைத்தோம், ஆளுக்கு ஒரு வாரம் என்று. ஆறாம் வாரம்வரை ஓடியது. பிறகு மிட் பரீட்சை வந்ததும் நின்றது, கடைசியில் ஐந்து பேர்தான் எழுதினோம்.

ஒன்று மட்டும் நடந்தது. எல்லோருக்கும் Commenter கொடுத்திருந்தோம். எட்டாம் வாரக் குறிப்பில், மண்ணின் பிஎச் 4.5-இலிருந்து 5.5 ஆனால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும் என்று நானே மாற்றி எழுதிவிட்டேன். குறையும் என்று வந்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தவரும் கவனிக்கவில்லை. எப்போதும் பின்வரிசையில் அமைதியாக இருக்கும் ஒரு தங்கச்சி பக்கத்தில் குறிப்புப் போட்டாள்: “அக்கா, தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரைதான் நல்லது என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். அதற்குக் கீழே போனால் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவார்கள். எண் ஏறினால் புளிப்பு கூடும் என்றால் எதற்கு டொலமைட்?” அன்றே திருத்தினேன். பழைய படத்தை வாட்ஸ்அப்பில் எடுத்துவைத்த சிலர் பரீட்சைவரை பிழையையே படித்தார்கள், அதைத் தடுக்க வழி தெரியவில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

குறிப்பின் முதல் வரியில் பதிப்பு எண்ணும், திருத்தம் நடந்தால் என்ன மாறியது என்ற ஒரு வசனமும் போடுங்கள். படமாகப் போனாலும் அது கூடவே போகும். முழுத் தீர்வு இல்லை.

கொட்டகலை டீச்சர்

அந்தக் குறிப்புகளில் தமிழ்ச் சொல்லும் பக்கத்தில் இருந்ததா? தோற்ற அடர்த்தி என்று ஒரு சொல் போட்டிருந்தால் அந்த 0.9 யாருக்காவது கண்ணில் பட்டிருக்குமோ என்று நினைக்கிறேன்.

மஸ்கெலியாக்காரி

கேட்டோம் டீச்சர். சிங்களப் பிள்ளைகளுக்கும் அவர்கள் மொழியில் போட வேண்டும், யார் சரிபார்ப்பது என்று துறையில் கேட்டார்கள். அந்தச் செமஸ்டரில் முடிவாகவில்லை. அடுத்த பாட்ச் தமிழ், சிங்களச் சொற்பட்டியலை மட்டும் தனியாக ஒரு கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.