கற்கள் சரி, காற்கள் தவறா? ஒருமை பன்மை, எதிர்ச்சொல் பயிற்சித்தாளில் சந்தேகம்

பென்சில்முனை:
மூன்றாம் வகுப்பு மகளின் தமிழ்ப் பயிற்சித்தாள் திருத்தி வந்திருக்கிறது. ஒருமை பன்மையில் அவள் எழுதியவை: மரங்கள், கல்கள், கால்கள், பசுகள், வாத்துக்கள், நாட்கள். இதில் மரங்களும் கால்களும் மட்டும்தான் சரியாம், மற்ற நான்கும் தவறு. எதிர்ச்சொல்லில் "வா" என்பதற்கு வராதே என்றும் "எளிய" என்பதற்குக் கடினமான என்றும் எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் சுழி. கல், கற்கள் ஆகும்போது கால் மட்டும் ஏன் கால்கள் என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

வரப்புநண்டு:
சுலபம். ல் இருந்தால் ற் ஆகும், ள் இருந்தால் ட் ஆகும். காற்கள்தான் முறையான வடிவம், பேச்சில் கால்கள் ஆகிவிட்டது. காற்சட்டை என்று எழுதுகிறோமே! நாட்கள் சரிதான், ஆசிரியர் தவறாகத் திருத்தியிருக்கிறார்.

பழைய_சாக்பீஸ்:
காற்சட்டை சரி, காற்கள் கிடையாது. காற்சட்டையில் கால், சட்டை என்று இரண்டு முழுச் சொற்கள் சேர்கின்றன. "கள்" அப்படித் தனியாக நிற்கிற சொல் இல்லை, வெறும் விகுதி. அதற்கு முன்னால் ல், ள் மாறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த ல், ள்-க்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து, அதுவும் குறிலாக இருக்க வேண்டும். கல், சொல், பல், முள் எல்லாம் அப்படி. அதனால் கற்கள், சொற்கள், பற்கள், முட்கள். கால், நூல், வாள் ஆகியவற்றில் அந்த எழுத்து நெடில், எனவே கால்கள், நூல்கள், வாள்கள். விரலில் முன்னால் இரண்டு எழுத்து இருக்கிறது, அதுவும் விரல்கள்தான். கடைசி ல், ள்-ஐ விரலால் மூடி, முன்னால் மிஞ்சுவதைப் பார்க்கச் சொல்லுங்கள், மகள் பிடித்துக்கொள்வாள்.

இந்தக் கணக்குப்படி நாள்கள், பொருள்கள் என்றுதான் வர வேண்டும். நாட்குறிப்பு, பொருட்செலவு என்று பழகிய கை நாட்கள், பொருட்கள் என்றும் எழுதிவிடுகிறது. அச்சில் எங்கும் பார்க்கலாம். என்னிடம் வந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன், பக்கத்தில் நாள்கள் என்று எழுதிக் காட்டியிருப்பேன்.

பசு, வாத்து இரண்டும் உகரத்தில்தான் முடிகின்றன, ஆனால் ஒரே உகரம் இல்லை. இரண்டோடும் "ஐ" சேர்த்துப் பாருங்கள். பசுவை என்று வருகிறது, உ அப்படியே நிற்கிறது. வாத்தை என்று வருகிறது, உ போய்விட்டது. நிற்கிற இடத்தில் க் இரட்டிக்கும்: பசுக்கள், தெருக்கள், குழுக்கள். போய்விடுகிற இடத்தில் இரட்டிக்காது: வாத்துகள், ஆடுகள், கதவுகள். உகரத்தில் முடியும் சொற்களுக்கு மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்புநண்டு:
எழுத்துக்கள் என்று எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன். எல்லோருமா தவறு?

பழைய_சாக்பீஸ்:
பரவலாக இருக்கிறது, மறுக்கவில்லை. பயிற்சித்தாளுக்கு எழுத்துகள், வாத்துகள் என்று எழுதினால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

ஈரத்துணி:
எங்கள் வீட்டில் இதே தொல்லை. பையன் "மாடுகள் மேய்கிறது" என்று எழுதி மதிப்பெண் போயிற்று. பன்மை சரியாகத்தானே போட்டிருக்கிறான்?

பழைய_சாக்பீஸ்:
பெயரில் போட்டுவிட்டான், வினையில் விட்டுவிட்டான். மாடுகள் மேய்கின்றன. பேச்சில் நாம் எல்லோரும் மேயுது என்றே சொல்வதால் அவன் காதுக்கு இது உறுத்தாது.

திண்ணைப்பூனை:
எதிர்ச்சொல்லை யாரும் தொடவில்லையே. வராதே என்பது வருவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். எதிர்ச்சொல் மறுமுனையைக் காட்ட வேண்டும்: வா, போ. இதே போல "நல்ல" என்பதற்கு நல்லதல்லாத என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. கெட்ட அல்லது தீய என்றால்தான் விடை.

"எளிய" விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். விடையாக என்ன தந்திருந்தார்கள்?

பென்சில்முனை:
"அரிய" என்று சிவப்பு மையில் இருக்கிறது.

திண்ணைப்பூனை:
அதுவும் சரி, இதுவும் சரி. எளிய கணக்கு என்றால் மறுபக்கம் கடினமான கணக்கு. எளிய வாழ்க்கை என்றால் ஆடம்பர வாழ்க்கை. எளிய செயல் என்றால் அரிய செயல். வாக்கியம் தராமல் ஒற்றைச் சொல்லை வைத்துக் கேட்டால் இப்படித்தான் ஆகும். கடினம் என்று எழுதியிருந்தால் சுழித்தது நியாயம், ஏனென்றால் எளிய என்பது இன்னொரு பெயருக்கு முன்னால் வருகிற வடிவம், விடையும் அப்படியே வர வேண்டும். கடினமான என்று வடிவத்தைக் கூடச் சரியாகப் பிடித்திருக்கிறாள்.

பென்சில்முனை:
நன்றி. கல்லும் காலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்போது வீட்டில் கண்ணில் படும் சொல்லுக்கெல்லாம் "ஐ" சேர்த்துக்கொண்டிருக்கிறாள். எளிய என்பதை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வரப்புநண்டு:
நாட்களையும் கேளுங்கள். நான் நாட்கள் என்றுதான் எழுதுவேன்.