கிளவுட் பில்: ஒரு வருஷத்துக்குக் கட்டுப்படுவதா, ஓடின அளவுக்குக் கட்டுவதா? அவசரம்

ரியூசன்_பெடியன்
வணக்கம். எங்கட ரியூசன் தளம் அமேசன் கிளவுட்டில மும்பை ரீஜனில ஓடுது. கடைசி ஆறு மாச பில் டொலரில 190, 240, 405, 556, 412, 418. ஒரு வருஷத்துக்கு மணிக்கு இவ்வளவு கட்டுறம் எண்டு ஒத்துக்கொள்ளுற சேவிங்ஸ் பிளான் எடுத்தால் விலை குறையுமாம் எண்டு முதலாளி சொல்லுறார். மணிக்கு எவ்வளவு எண்டு போட வேணும்? நாளைக்குள்ள சொல்ல வேணும்.

கோண்டாவில்_கோடர்
லேசான கணக்கு தம்பி. ஒரு மாசத்தில சராசரியா 730 மணித்தியாலம். சேர்வர் செலவை 730ஆல பிரியும். அதுதான் நீர் போட வேண்டிய தொகை.

மானிப்பாய்க்காரி
பொறுங்கோ. இது முழு பில். அதில சேர்வர் எவ்வளவு, டேட்டாபேஸ் எவ்வளவு, டிஸ்கும் டேட்டா போக்குவரத்தும் எவ்வளவு? கம்பியூட் சேவிங்ஸ் பிளான் டிஸ்குக்கோ டேட்டா போக்குவரத்துக்கோ ஒரு சதமும் குறைக்காது. முதல் ரெண்டு மாசம் ஏன் பாதி? இலவச கிரெடிட் ஏதும் கழிஞ்சதோ? நாலாம் மாசம் என்ன நடந்தது? இதை ஓடவிட்டுப் பாருங்கோ, கிரெடிட் தனி வரியா வரும்.

```
aws ce get-cost-and-usage \
  --time-period Start=2024-07-01,End=2025-01-01 \
  --granularity MONTHLY --metrics UnblendedCost \
  --group-by Type=DIMENSION,Key=SERVICE \
             Type=DIMENSION,Key=RECORD_TYPE
```

பழைய_சிஸ்அட்மின்
ஆறு எண்ணை எழுதிப்போட்டு "நாளைக்குள்ள" எண்டு கேட்கிற பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்ல. கன்சோலிலேயே பரிந்துரைப் பக்கம் ஒண்டு கிடக்கு. 7, 30, 60 நாள் பார்த்து அதுவே சொல்லும். நாங்கள் அந்தக் காலத்தில எக்செல்லில இருந்து கூட்டினனாங்கள்.

சுன்னாகம்_99
ஓம் தம்பி, எடுத்து வையும். பரீட்சை நேரம் எல்லாரும் ஏறினால் சேர்வர் கிடைக்காமல் போகும். கட்டுப்பாடு எடுத்தால் உமக்கெண்டு இடம் ஒதுக்கி வைப்பினம்.

மானிப்பாய்க்காரி
இல்லை. சேவிங்ஸ் பிளான் விலைத் தள்ளுபடி மட்டுந்தான், இடம் ஒதுக்காது. இடம் வேணுமெண்டால் கப்பாசிற்றி ரிசர்வேசன் தனியா எடுக்க வேணும். அதுக்கு சேர்வர் ஓடினாலும் ஓடாட்டிலும் காசு போகும்.

ரியூசன்_பெடியன்
மன்னிக்கோணும், வகுப்பு நேரம். முதல் ரெண்டு மாசம் கிரெடிட் இருந்தது உண்மைதான். சாதாரண மாசத்தில சேர்வர் மட்டும் 206, டேட்டாபேஸ் 95, மிச்சம் டிஸ்கும் டேட்டாவும். எப்பவும் ரெண்டு சேர்வர் ஓடும். பின்னேரம் 5 மணியில இருந்து 10 மணி வரை ஆறாக ஏறும். நாலாம் மாசம் பரீட்சைக்கு முந்தின மாசம், அப்ப இரவிலயும் நாலு சேர்வரை விட்டு வைச்சம். ஒரு சேர்வர் மணிக்கு 0.10 டொலர்.

கோண்டாவில்_கோடர்
பிறகென்ன, 206 / 730 = 0.28. அதைப் போடும்.

மானிப்பாய்க்காரி
அண்ணை, 0.28 போட்டால் தம்பிக்கு நட்டம். கணக்கை முழுசா எழுதுறன்.

கன்சோலில நீங்கள் போடுற தொகை தள்ளுபடிக்குப் பிறகு உள்ள விலையில. உங்கட சேர்வருக்குத் தள்ளுபடி 28 சதவீதம் எண்டு வைப்பம் (உண்மையான வீதத்தை விலைப்பட்டியலில பாருங்கோ). அப்ப 0.28 கட்டுப்பாடு சாதாரண விலையில 0.39 டொலர் வேலையைத் தாங்கும், கிட்டத்தட்ட நாலு சேர்வர். ஆனால் பகலிலயும் இரவிலயும் ஓடுறது ரெண்டுதான். அந்த மணிக்குப் பாவிக்காத மிச்சத்தை அடுத்த மணிக்குக் கொண்டு போக ஏலாது, அது அங்கேயே அழியும். மாசம் 730 மணிக்கு 204 டொலர் கட்டாயம் போகும். பின்னேரத்தில ஆறு சேர்வரையும் அது தாங்காது, மேலதிகமா இன்னும் 32 வரும். மொத்தம் 236. ஒண்டும் எடுக்காமல் இருந்தால் 206.

இப்ப எப்பவும் ஓடுற ரெண்டுக்கு மட்டும் எடுத்தால்: 0.20இல 28 சதவீதம் கழிச்சால் 0.144. மாசம் 105. பின்னேரத்து நாலு சேர்வரும் வழமை விலையில 60. மொத்தம் 165. மாசம் 41 டொலர் மிச்சம்.

மூண்டாவது சேர்வருக்கும் எடுக்கலாமோ எண்டு கேட்பியள். 28 சதவீதத் தள்ளுபடியில ஒரு சேர்வர் 72 சதவீத நேரமாவது ஓடினால்தான் லாபம். உங்கட மூண்டாவது சேர்வர் ஓடுறது 150 மணி, 21 சதவீதம். விட்டிடுங்கோ.

பழைய_சிஸ்அட்மின்
இதைத்தான் நானும் சொன்னன். பரிந்துரைப் பக்கம் சராசரி போடுறதில்லை, மணிக்கு மணி பார்த்துத்தான் கணக்குப் போடும்.

மானிப்பாய்க்காரி
ஓம் ஐயா, அது சரி. ஆனால் அந்த 30 நாளுக்குள்ள பரீட்சை மாசம் விழுந்தால் நாலு சேர்வரையும் அடிப்படை எண்டு எடுத்துக்கொள்ளும். பெடியன்தான் பார்த்துத் தள்ள வேணும். மாசப் பில்லில இரவு பகல் தெரியாது, மணிவாரிக் காட்சியைச் செற்றிங்கில திறந்தால் கடைசி 14 நாள் தெரியும். அதில ஒவ்வொரு நாளும் எந்த மணியில கீழ்க்கோடு எவ்வளவு எண்டு பாருங்கோ.

கொழும்புத்துறையான்
என்னத்துக்கு டொலர் கட்டுப்பாடு? 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போனதை மறந்திட்டியளோ. கட்டுப்பட்டவன் அம்பிடுவான்.

கோண்டாவில்_கோடர்
எப்பிடியும் டொலரில தானே கட்டுறது? கட்டுப்பட்டாலும் கட்டுப்படாட்டிலும் ஏறும். முழுக்க முன்பணம் கட்டினால் இண்டைய ரூபாயில முடிஞ்சுது. ஏறினாலும் லாபம்.

கொழும்புத்துறையான்
ஏறினால் நான் சேர்வரை நிப்பாட்டிப்போட்டு வீட்டுக்குப் போவன். கட்டுப்பட்டவன் நிப்பாட்டினாலும் கட்ட வேணும். அதுதான் வித்தியாசம். முன்பணத்துக்கு வங்கி அட்டை எல்லை விடுமோ எண்டும் பார்.

சுன்னாகம்_99
டொலர் குறைஞ்சால்?

பழைய_சிஸ்அட்மின்
தலைப்புக்கு வாருங்கோ பிள்ளையள்.

மானிப்பாய்க்காரி
கொழும்புத்துறையான் சொன்னதில ஒரு விசயம் இருக்கு. தம்பி, அந்த ரெண்டு சேர்வரின்ர சிபியு எவ்வளவு ஓடுது? 15 சதவீதம் எண்டால் முதலில சின்ன சேர்வருக்கு மாத்துங்கோ, பிறகு எடுங்கோ. இப்ப எடுத்துப்போட்டுப் பிறகு சின்னதாக்கினால் மிச்சக் கட்டுப்பாடு சும்மா எரியும். ஐயம் இருந்தால் இப்ப ஒரு சேர்வருக்கு மட்டும், 0.072. மூண்டு மாசம் பார்த்து மற்றதைச் சேர்க்கலாம். பிழைச்சால் ஏழு நாளுக்குள்ள திருப்பலாம், ஆனால் வாங்கின அதே காலண்டர் மாசத்துக்குள்ள. அதாலை மாசக் கடைசியில வாங்காதையுங்கோ.

ரியூசன்_பெடியன்
சிபியு ஒண்டில 20, மற்றதில 60. 0.072 போட்டு, முன்பணம் இல்லாமல் எடுத்தாச்சு. முதலாளி பிறகு மூண்டு வருஷம் எடுக்கச் சொன்னவர், நான் ஒத்துக்கொள்ளேல்லை. டேட்டாபேஸ் 95க்கும் ஏதும் செய்யலாமோ?

கோண்டாவில்_கோடர்
அதுக்கு இது செல்லாது, டேட்டாபேஸுக்கெண்டு தனி ரிசர்வ் கிடக்கு. என்ன எஞ்சின், ஒண்டோ ரெண்டு பிரதியோ?

கொழும்புத்துறையான்
முன்பணம் இல்லாட்டி ரூபாய்க் கதை அப்பிடியே கிடக்கு, சொல்லிப்போட்டன்.